மூன்று வரிக்குள் ஒரு வாழ்த்து

பேனாவைக் கையில் கொடுத்ததும் பலர் என்னிடம் மெதுவாகக் கேட்பது, "பொண்ணு பேரு என்ன மா?" என்றுதான். கேட்பவர் பெரும்பாலும் மாப்பிள்ளையின் அப்பாவோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஷிப்டில் இருந்தவராகவோ, பெண்ணின் சித்தப்பா வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருப்பவராகவோ இருப்பார். பத்திரிகை கொடுத்து அழைத்தார்கள், மரியாதைக்கு வந்திருக்கிறார். மணமக்கள் இருவரையும் இதற்கு முன் பார்த்தது கூட இல்லை. அவருக்கு முன்னால் ஒரு நோட்டு விரிந்து கிடக்கிறது, பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பாரிவாக்கத்தில் எங்களுடையது கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. அதோடு பூந்தமல்லி, ஆவடி, திருவேற்காடு, திருமழிசைப் பக்கத்து மண்டபங்களில் வரவேற்பு மேசையும் வைத்துக் கொடுக்கிறோம். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டு, ரோஜா, அவற்றோடு வாழ்த்து நோட்டு. மேசையில் நிற்பது நான். கல்யாணம் முடிந்து போட்டோ ஆல்பம் தயாராகும்போது அந்த நோட்டுக்கும் அட்டை கட்டி, இடையிடையே படம் ஒட்டி, வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். ஆகவே ஒரு வரி எழுதப்படும் நேரத்திலும் பக்கத்தில் இருக்கிறேன், அது படிக்கப்படும் நேரத்திலும் பக்கத்தில் இருக்கிறேன். எந்த வரியைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள், எந்த வரியில் நின்று "இது யாரு?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பல வருஷமாகக் கவனித்து வந்ததால் எனக்கு ஒரு தீர்மானம் உண்டு. மணமக்களை அறியாதவர் எழுதும் வாழ்த்தில் கனம் வாழ்த்துச் சொல்லில் இருப்பதில்லை. நான் யார், எந்த வழியில் வந்தேன், இன்று இங்கே என்ன பார்த்தேன் என்ற மூன்றும் இருந்தால் அந்த வரி நிற்கும். வாழ்த்து அதன் வாலில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதில் முதல் பாடத்தை மொய் நோட்டிலிருந்தே எடுக்கலாம். மொய் எழுதுகிறவர் வெறும் பெயரை மட்டும் எழுதமாட்டார். ஊர், அப்பா பெயர் அல்லது தொழில், பிறகு பெயர், பிறகு தொகை. ஏனென்றால் நாளைக்கு அதைத் திருப்பிச் செய்ய வேண்டியவனுக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும். ஒரே ஊரில் நாலு முருகேசன் இருப்பார்கள். வாழ்த்து நோட்டில் மட்டும் நம் ஜனங்கள் இந்தப் பழக்கத்தை எப்படியோ விட்டுவிட்டார்கள். அழகான கையெழுத்தில் இரண்டு வரி வாழ்த்து எழுதிவிட்டு, கீழே வங்கிச் செக்கில் போடுவது போல ஒரு சுழிப்புக் கையெழுத்து. ஆறு மாதம் கழித்து மாப்பிள்ளை அதைப் பார்த்து அப்பாவிடம் கேட்கிறார், அப்பா அம்மாவிடம் கேட்கிறார், யாருக்கும் தெரியவில்லை. நல்ல மனசோடு எழுதிய வரி ஆளில்லாமல் கிடக்கிறது. நெருங்கிய சொந்தக்காரர் பெயர் மட்டும் போட்டால் போதும். தூரத்தில் இருப்பவர் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லியாக வேண்டும். "ரமணி, பெண்ணின் அத்தைக்குத் தையல் கற்றுக் கொடுத்தவள், பட்டாபிராம்" என்று போட்டுவிட்டால் அந்த வீட்டில் எவரும் குழம்பமாட்டார்கள்.

அறியாத மணமக்களுக்கு என்ன சொல்வது என்ற தயக்கம் புதிதில்லை. அதற்குத் தபால் தந்தித் துறையே ஒரு வழி வைத்திருந்தது. வாழ்த்துத் தந்திக்கு வாசகங்களை எண் போட்டு வைத்திருந்தார்கள். நீண்ட இனிய மணவாழ்வு அமையட்டும் என்ற பொருளில் வரும் வாசகத்துக்கு எண் 8. புதுமணத் தம்பதிக்கு மேலுலகின் ஆசிகள் பொழியட்டும் என்று வரும் வாசகத்துக்கு எண் 16. அனுப்புகிறவர் பாரத்தில் எண்ணை எழுதினால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாக எழுதிக் கொடுப்பார்கள். நம் பக்கத்துக் கல்யாணங்களில் வந்த தந்திகளை மேடையில் வாசிக்கும் வழக்கமும் இருந்தது. பத்துத் தந்தி வந்தால் பத்திலும் ஒரே வாசகம்தான். ஆனாலும் அவை சலிக்கவில்லை. காரணம், ஒவ்வொன்றின் கீழும் அனுப்பியவர் பெயரும் மேலே ஊரும் இருந்தன. யாரோ ஒருவர் தந்தி ஆபீசுக்கு நடந்து போய், காசு கட்டி, நாள் தவறாமல் வந்து சேரும்படி அனுப்பியிருக்கிறார் என்பதே அதில் இருந்த செய்தி. 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றுபோனது. அந்த எட்டாம் எண் வாசகம் மட்டும் நோட்டுகளுக்குள் குடிவந்துவிட்டது. "ஹேப்பி மேரீட் லைஃப்" என்று பக்கம் பக்கமாக நான் பார்ப்பது அதன் சுருங்கிய வடிவத்தைத்தான். நேரில் வந்து, மணமக்களின் முகத்தைப் பார்த்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர் தந்தியின் அளவுக்கு மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவரிடம் தந்தி அனுப்பியவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அவர் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் நோட்டை எங்கே வைப்பது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வாசலில் சந்தனத்துக்குப் பக்கத்தில் வைத்தால், உள்ளே வருகிறவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. அவர் இன்னும் எதையும் பார்க்கவில்லை. கையில் பன்னீர் ஈரம் வேறு. ஜெல் பேனா என்றால் அந்த ஈரத்தில் ஓடிவிடும், அதனால் பால்பாயிண்ட் மட்டும்தான் வைக்கிறேன். வழவழப்பான அட்டைத் தாளும் வேண்டாம், மை காய்வதற்குள் அடுத்தவர் கை பட்டு இழுபட்டுவிடும். வாசலில் நோட்டு இருக்க வேண்டும் என்று வீட்டார் கேட்டால் வைக்கிறேன். ஆனால் தாம்பூலப் பை கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு கட்டாயம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு, மேடையில் மணமக்களைப் பார்த்துவிட்டு, தேங்காய்ப் பையை வாங்கப் போகிற வழியில் மனிதர்கள் கொஞ்சம் நிதானமாக இருக்கிறார்கள். அங்கே எழுதப்படும் வரிகளுக்கும் வாசலில் எழுதப்படும் வரிகளுக்கும் உள்ள வித்தியாசம், பைண்டு போடும்போது எனக்குப் பார்த்தவுடனே தெரியும்.

பக்கத்தை நாலு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று வரிக்கு மட்டும் இடம் விடுகிறேன். முழுப் பக்கத்தைத் திறந்து வைத்தால் இவ்வளவு இடத்தையும் நிரப்ப வேண்டுமோ என்று பயந்துபோய் ஒன்றும் எழுதாமல் போகிறார்கள். சின்னக் கட்டம் தைரியம் கொடுக்கிறது. இன்னொன்று, முதல் கட்டத்தில் யார் எழுதுகிறார்கள் என்பது. பின்னால் வருகிறவர் எல்லோரும் மேலே பார்த்துத்தான் எழுதுவார்கள். முதல் வரி "வாழ்க வளமுடன்" என்றால் அந்தப் பக்கம் முழுக்க அதுதான். ஆகவே கல்யாண வேலை மும்முரமாகும் முன்பே தாய்மாமனையோ பாட்டியையோ பிடித்து, மனசில் இருப்பதை எழுதச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டி, "இவன் பொறந்தப்போ ரெண்டு கிலோ கூட இல்ல, இன்னிக்கு மாலை கனத்தைத் தாங்கி நிக்கிறான்" என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அன்று அந்தப் பக்கத்தில் வெற்று வாழ்த்து ஒன்றுகூட விழவில்லை.

ஒரு வரி எப்படி உருவாகிறது என்பதை ஒரு கல்யாணத்தை வைத்தே சொல்கிறேன். 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது முதல், இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் "ஃபேக்டரிக்காரங்க" என்று ஒரு கூட்டம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் தவறாமல் வருவார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர், பெண்ணின் அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் இருந்தவர், பேனாவை வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு அவங்கப்பாவைத்தான் மா தெரியும். பாப்பாவை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். என்னத்த எழுதறது?"

"அப்பா உங்ககிட்ட பொண்ணைப் பத்தி எப்பவாவது பேசியிருக்காரா சார்?"

அவர் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, அந்தப் பெண் பிளஸ் டூ தேறிய நாளில் அப்பா செக்‌ஷன் முழுக்க மைசூர்பாகு கொடுத்ததைச் சொன்னார். அவர்கள் சேர்ந்து வேலைக்கு வந்த கதை, கேண்டீன், ஓய்வு நாள் விருந்து என்று பேச்சு நீண்டது. ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். அது ஏழெட்டு வரி வந்தது, அதில் பெண் எங்கேயும் இல்லை, முழுக்க அப்பாவின் வரலாறு. செக்‌ஷன் பெயர் போகட்டும், வருஷம் போகட்டும், மைசூர்பாகு மட்டும் இருக்கட்டும் என்றேன். இன்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "வாசல்ல நின்னு எல்லாரையும் கையைப் பிடிச்சு கூப்பிட்டாரு. அன்னிக்கு இருந்த அதே முகம்" என்றார். அதை எழுதினோம். படித்துப் பார்த்தபோது மாப்பிள்ளைக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. பெண் வீட்டு மனிதர் எழுதுவதில் மாப்பிள்ளை வெளியாளாக நின்றுவிடக்கூடாது, நோட்டை இருவரும் சேர்ந்துதான் படிக்கப் போகிறார்கள். கடைசியில் கட்டத்துக்குள் போனது இது:

"அன்பு மகளே, நீ பிளஸ் டூ தேறிய அன்று உன் அப்பா எங்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். இன்று அதே முகத்தோடு வாசலில் நின்று எங்களை அழைத்தார். மாப்பிள்ளை, அந்தப் பாசத்தில் இனி உங்களுக்கும் பங்கு உண்டு. இருவரும் நலமாக இருங்கள்."

கீழே பெயர், ஆவடி, அப்பாவோடு வேலை பார்த்தவர். ஆல்பம் கொடுக்கப் போன அன்று அந்தப் பெண் இந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தாள். அப்பா அப்படி மைசூர்பாகு கொடுத்தது அவளுக்கு அதுவரை தெரியாது. அவளுடைய அப்பாவைப் பற்றி அவளே அறியாத ஒன்றை, அவளை அறியாத ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். தூரத்து மனிதரால்தான் இது முடியும். கூடப் பிறந்தவர்களிடம் இப்படி ஒரு செய்தி இருக்காது.

சிலரிடம் கதை எதுவும் இருக்காது. நண்பருக்குத் துணையாக வந்தவர், அலுவலகத்தில் எல்லோரும் போகிறார்கள் என்று வேனில் ஏறியவர். அவர்களிடம் நான் கேட்பது, உள்ளே ஒரு நிமிஷம் உங்கள் கண் எதில் நின்றது என்பதுதான். மேடையைப் பார்த்தவர் யாருக்கும் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டிருக்கும். ஓர் இளைஞர், மாப்பிள்ளையோடு ஒரே கம்பெனி, வேறு மாடி, இப்படி எழுதினார்: "போட்டோ எடுக்கும்போது கூட்டத்தில் பின்னால் நின்ற தாத்தாவை நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கைநீட்டி அழைத்தீர்கள். அந்த ஒற்றுமை என்றும் இருக்கட்டும்." ஒரு டீச்சர்: "உங்கள் இருவரையும் இன்றுதான் பார்க்கிறேன். மழையில் நனைந்து வந்த எனக்கு உங்கள் வீட்டார் முதலில் துண்டு கொடுத்தார்கள், பிறகுதான் சந்தனம். நல்ல வீட்டில் வாழப் போகிறீர்கள்." இவற்றில் பெரிய சொல் ஒன்றும் இல்லை. ஆனால் வேறு எந்தக் கல்யாண நோட்டிலும் இந்த வரிகளை எழுத முடியாது. ஒரு வரி தேறியதா என்று நான் பார்ப்பது அப்படித்தான்: மணமக்களின் பெயரை மாற்றி வேறு ஜோடியின் பெயரைப் போட்டால் வரி அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் இன்னும் ஒரு பார்வை பாக்கி இருக்கிறது.

பெயர் விஷயத்தில் துணிச்சல் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் பலகையைப் பார்க்கலாம், என்னைப் போல மேசையில் இருப்பவரைக் கேட்கலாம். சந்தேகம் என்றால் "மணமக்களுக்கு" என்று தொடங்குவதே மேல். பெயர் இல்லாத வாழ்த்தை யாரும் குறையாக நினைப்பதில்லை, தப்பான பெயரோடு இருப்பதை மறப்பதும் இல்லை. வயது பார்த்து எழுதுவதும் அப்படித்தான். பெரியவர்கள் "மகளே", "தம்பி" என்று உரிமையோடு எழுதலாம், ஆசி சொல்லலாம். மணமக்களைவிடச் சின்னவர் ஆசி சொன்னால் நம் வீடுகளில் அது ஒட்டாது. அவர்கள் "அண்ணா, அண்ணி" என்று தொடங்கி, பார்த்ததைச் சொல்லி, "உங்கள் வீட்டுக்கு ஒருநாள் வருகிறேன்" என்று முடித்தால் அதைவிட அழகு இல்லை.

எழுதக்கூடாதவை என்று நான் நினைப்பவற்றுக்கும் ஒரே காரணம்தான். நோட்டு பல வருஷம் அந்த வீட்டில் இருக்கும், மாமியார், கொழுந்தன், நாளை பிள்ளைகள் எல்லோரும் புரட்டுவார்கள். "சீக்கிரம் நல்ல செய்தி சொல்லுங்க" என்று ஒருவர் அன்பாகத்தான் எழுதுகிறார். சில வருஷம் கழித்து, குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண் அதே பக்கத்தைத் திறந்தால் அந்த வரி அவளை என்ன செய்யும்? பிள்ளைப்பேறு பற்றி எழுதும் உரிமை மிக நெருங்கியவர்களுக்கே உண்டா என்பதில்கூட எனக்குச் சந்தேகம். அறிமுகமே இல்லாதவருக்கு நிச்சயமாக இல்லை. பெண்ணின் நிறம், உயரம், ஜோடிப் பொருத்தம் பற்றிய பேச்சும், "இனி உன் சுதந்திரம் போச்சு" வகைக் கேலியும், விட்டுக்கொடுத்துப் போ என்று மணமகளுக்கு மட்டும் சொல்லும் புத்திமதியும் அப்படியே. கல்யாண நாள் கலகலப்பில் இவை காதில் விழுந்து போய்விடும், தாளில் போகாது.

பிள்ளையார்சுழி போட்டுத் தொடங்குகிறவர்களும், ஆவடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் "சங்கீதம் 128" என்று மட்டும் எழுதிப் பெயர் போடுகிறவர்களும் உண்டு. குடும்பத்தைப் பாடும் சங்கீதம் அது, வீட்டார் எடுத்துப் படித்துக்கொள்வார்கள். ஃபேக்டரிக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்களில் தெலுங்கிலும் இந்தியிலும் மலையாளத்திலும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவரவர் மொழியிலேயே எழுதச் சொல்லி, அர்த்தத்தைக் கேட்டுப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். எழுதத் தெரியாதவர் சொல்வதை, சொன்ன பேச்சிலேயே எழுதுகிறேன். "இல்லறம் சிறக்க" என்று அதை நான் மாற்றிவிட்டால் பேசியவர் அந்த வரியிலிருந்து காணாமல் போய்விடுவார்.

மேசையில் நிற்கும்போது இன்னொரு வகை மனிதரையும் நான் தேடுவேன். கணவரை இழந்த பெண்கள் பலர் இன்னும் மேடையேறத் தயங்குகிறார்கள். யாரும் தடுப்பதில்லை, ஆனாலும் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஒரு அம்மா அப்படிக் கிளம்பிக்கொண்டிருந்தார். மணமகனின் அம்மாவிடம் பால் வாங்கிப் பழக்கம், அவ்வளவுதான். "நான் எழுதலாமா மா?" என்று இரண்டு தடவை கேட்டார். நோட்டை அவர் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுபோனேன். "தம்பி, காலையில் உன் வீட்டுப் பாலில்தான் என் பொழுது விடியும். உன் பெண்டாட்டி முகத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன். மகாலட்சுமி. இருவரும் என் வயசைத் தாண்டி இருங்கள்" என்று எழுதினார். கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்திலும் கொஞ்சம் போனது. அந்த நோட்டில் மாப்பிள்ளை படம் எடுத்து வைத்துக்கொண்ட பக்கம் அதுதான்.

வைகாசி முகூர்த்தங்களில் உங்களுக்கும் எங்கிருந்தாவது ஒரு பத்திரிகை வரும், மணமக்கள் யாரென்று தெரியாமல் போய் நிற்பீர்கள். உள்ளே நுழைந்ததும் எழுதாதீர்கள். மேடையைப் பாருங்கள், பந்தியில் பரிமாறுகிறவர்களைப் பாருங்கள், அழைத்தவரோடு உங்களுக்கு இருக்கும் ஒரு நினைவைத் தேடி எடுங்கள். கிளம்பும்போது மூன்று வரி எழுதிவிட்டு, கீழே பெயரையும் ஊரையும், யார் வழியில் வந்தீர்கள் என்பதையும் படிக்கிற மாதிரி எழுதிவிடுங்கள்.